வரவேற்பறைக்கு மழை வராது

நர்சரிகளில் ரப்பர் செடி என்று விற்கப்படும் அகலமான, பளபளக்கும் இலைகள் கொண்ட செடியின் சொந்த ஊர்களில் ஒன்று மேகாலயா. ஆலும் அத்தியும் சேர்ந்த குடும்பம் அது. டயர் செய்யப் பால் கொடுக்கும் கேரளத்து ரப்பர் மரத்துக்கும் அதற்கும் உறவு கிடையாது. மேகாலயத்து மக்கள் ஓடைகளுக்குக் குறுக்கே வளர்த்தெடுக்கும் உயிருள்ள வேர்ப்பாலங்கள் இந்த மரத்தின் வேர்களால் ஆனவைதான். அந்தப் பாலங்கள் இருக்கும் சிரபுஞ்சிப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அதாவது சென்னையில் பெய்வதைப் போலக் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. இலையின் மேற்புறம் வழுவழுவென்று இருப்பதும், நுனி கூராக நீண்டிருப்பதும் அந்த மழைக்குப் பொருத்தமானவை. விழுந்த நீர் தங்காமல் நுனி வழியாகச் சொட்டிவிடும். போகும்போது மேலே படிந்த தூசியையும் கூட்டிக்கொண்டு போகும்.

அதே செடியை ஒரு அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் வைக்கிறோம். வேருக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது. இலைக்கு மழை மட்டும் இல்லை. மின்விசிறி நாள் முழுக்கச் சுற்றி, துணி நூல், மண், ஊதுபத்திப் புகையின் கரி, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள் என எல்லாவற்றையும் கிளப்பி, அகலமாக விரிந்த அந்த இலைகள்மேல் இறக்குகிறது. டீப்பாயைத் தினமும் துடைக்கிறவர்கள்கூட இலையைத் துடைப்பதில்லை.

தூசி படிந்தால் செடிக்கு என்ன ஆகும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: இலைத்துளைகள் அடைபட்டுச் செடிக்கு மூச்சு முட்டும். செடி வளர்ப்புக் குறிப்புகளில் இந்த வாக்கியம் அலுக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது. ரப்பர் செடியைப் பொறுத்தவரை இது அநேகமாகத் தவறு. இலைத்துளை என்பது கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகவும் நீராவி வெளியே வரவும் உள்ள நுண்ணிய வாசல். ரப்பர் செடியின் இலையில் இந்த வாசல்கள் அடிப்புறத்தில் மட்டுமே உள்ளன. அவையும் தோலின் மட்டத்துக்குச் சற்றே உள்வாங்கி இருக்கின்றன. மேற்புறத்தில் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டுத் தூசியோ மேலிருந்து கீழே இறங்குகிறது. அடிப்புறத்தில் படிவது மிகக் குறைவு.

அடைப்பு என்பதே கட்டுக்கதை என்று சொல்லவில்லை. இருபுறமும் துளைகள் உள்ள சூரியகாந்தி போன்ற செடிகளில் அது நடக்கும். 1995-ல் ஹிரானோ, கியோட்டா, ஐகா என்ற மூன்று ஜப்பானிய ஆய்வாளர்கள் வெள்ளரி, பீன்ஸ் இலைகளில் தூசியைத் தூவி அளந்து பார்த்தார்கள். துளைகள் திறந்திருக்கும் நேரத்தில் தூசி விழுந்தால் துகள்கள் வாசலிலேயே சிக்கிக்கொள்கின்றன. வெளிச்சத்தில் காற்றுப் போக்குவரத்து குறைகிறது. இருட்டில் நேர்மாறாக, துளை முழுதாக மூட முடியாமல் போய் நீர் கசிகிறது. துகள் எவ்வளவு பொடியோ அவ்வளவு பாதிப்பு. அதே ஆய்வில் தெரிந்த இன்னொரு விளைவுக்குத் துளையோடு சம்பந்தமே இல்லை. தூசி வெளிச்சத்தை மறைத்தது. அதனாலும் ஒளிச்சேர்க்கை குறைந்தது. நம் ரப்பர் செடிக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது விளைவுதான்.

மெல்லிய தூசி எவ்வளவு வெளிச்சத்தை மறைத்துவிடும்? பத்துப் பதினைந்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் அது எதிலிருந்து கழிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

செடியை ஒரு மாதச் சம்பளக் குடும்பமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் சர்க்கரை வரவு. இலை, தண்டு, வேர் எல்லாம் இரவும் பகலும் சுவாசிக்கின்றன. அதற்குச் சர்க்கரை எரிகிறது, அது செலவு. புது இலை விடுவது மிச்சத்தில்தான். சன்னலோரம் இருக்கும் செடிக்கு வரவு 100 ரூபாய், செலவு 70 என்று கணக்குக்காக வைப்போம். மிச்சம் 30. மங்கலான வெளிச்சத்தில் வரவு ஏறக்குறைய வெளிச்சத்தின் அளவுக்கு நேர் விகிதத்தில் ஏறி இறங்கும். தூசி 15 சதவீத வெளிச்சத்தை மறைத்தால் வரவு 85. செலவு குறையாது, ஏனென்றால் இலையில் தூசி இருப்பது வேருக்குத் தெரியாது. மிச்சம் 15. வெளிச்சம் குறைந்தது 15 சதவீதம்; வளர்ச்சி குறைந்தது பாதி. தூசி இன்னும் கனத்து 30 சதவீதத்தை மறைத்தால் மிச்சம் பூஜ்யம். செடி சாகாது, வளரவும் செய்யாது. மாதக்கணக்கில் ஒரு இலைகூட விடாமல் அப்படியே நிற்கும். உரம் போதவில்லை என்று நினைத்து நாம் உரம் போடுவோம்.

வரவும் செலவும் சமமாகும் வெளிச்ச அளவு செடிக்குச் செடி மாறும். நிழலுக்குப் பழகிய செடிக்குச் செலவு குறைவு. அதனால் குறைந்த வெளிச்சத்திலும் பிழைக்கும். எப்படியானாலும் வீட்டுக்குள் இருக்கும் செடி அந்தச் சமநிலைக் கோட்டுக்குப் பக்கத்திலேயேதான் வாழ்கிறது. உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். சன்னலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, அறைக்குள், பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். இந்த இரண்டு வெளிச்சத்துக்கும் நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறை நல்ல வெளிச்சமாக இருப்பதாக நினைக்கிறோம். இலைக்கு அந்த வசதி இல்லை.

இதே தூசி ரோட்டோர மரத்தில் படிந்தால் கணக்கு மாறிவிடுகிறது. மா, புங்கன் போன்ற மரங்களின் இலைகள் முழு வெயிலில் மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ கிடைத்தாலே ஒளிச்சேர்க்கையின் உச்சத்தை நெருங்கிவிடும். அதற்கு மேல் வரும் வெயிலை அவற்றால் பயன்படுத்த முடியாது. எனவே நண்பகலில் உச்சிக்கிளை இலைமேல் தூசி ஐந்தில் ஒரு பங்கு வெயிலை மறைத்தாலும் அந்த இலைக்குப் பெரிய நஷ்டமில்லை. நஷ்டப்படுவது மரத்தின் உட்பக்கம், பாதி நிழலில் இருக்கும் இலைகள். அதோடு காலை, மாலை, மேகமூட்டமான நேரங்கள்.

வெயிலில் நிற்கும் இலைக்கு வேறொரு தொல்லை உண்டு. சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களில், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதியை, சுத்தமான இலை பெரும்பாலும் வாங்கிக்கொள்வதில்லை. திருப்பி அனுப்பிவிடும், இல்லையென்றால் ஊடுருவிப் போகவிடும். அதனால்தான் நல்ல வெயிலிலும் இலை கொதிப்பதில்லை. சாலைத் தூசி, குறிப்பாகக் கரி கலந்த தூசி, அந்தக் கதிர்களை உறிஞ்சிக்கொள்கிறது. தூசி படிந்த இலை சுத்தமான இலையைவிடச் சில டிகிரி அதிகம் சூடாகும் என்பதை எல்லர் என்ற ஆய்வாளர் 1977-லேயே அளந்து காட்டினார். சூடு ஏறினால் சுவாசச் செலவும் கூடும், நீரிழப்பும் கூடும். வீட்டுக்குள் இந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. சோபா பக்கத்துச் செடிக்கு ஒரே நோய் வெளிச்சப் பற்றாக்குறை. வெளியே நிற்கும் மரத்துக்கு ஒரு நல்ல மழை போதும். உள்ளே இருக்கும் செடிக்குக் கை வேண்டும்.

உங்கள் வீட்டில் தூசி எவ்வளவு வெளிச்சத்தைத் தின்கிறது என்பதை யூகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். பழைய போட்டோ சட்டத்திலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, செடியின் நடு உயரத்தில் இருக்கும் ஒரு ஸ்டூலிலோ அலமாரித் தட்டிலோ கிடைமட்டமாக வைத்துவிடுங்கள். ஒரு மாதம் யாரும் தொடக்கூடாது. வீட்டில் வேலை செய்கிறவரிடமும் சொல்லி வையுங்கள். மாதம் முடிந்ததும் கண்ணாடியின் ஒரு பாதியை மட்டும் சுத்தமாகத் துடையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வெளிச்சம் அளக்கும் இலவசச் செயலி ஏதாவதொன்று போதும். போனைச் சன்னலருகே மேசைமேல் மல்லாக்க வைத்து, மேல் விளிம்பில் ஒளியை உணரும் இடத்தின்மேல் கண்ணாடியின் துடைத்த பாதி வரும்படி வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை நகர்த்தி, தூசிப் பாதியை அதே இடத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் குறியுங்கள். மேகம் வந்து போகும் நேரமாக இருந்தால் மாற்றி மாற்றிச் சில தடவை பாருங்கள். கண்ணாடி இல்லாத அளவோடு ஒப்பிடக்கூடாது. சுத்தமான கண்ணாடியே தன் பங்குக்குச் சுமார் 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும்; அந்தப் பழியும் தூசிமேல் விழுந்துவிடும்.

உதாரணத்துக்கு, துடைத்த பாதியில் 640 லக்ஸ், தூசிப் பாதியில் 560 லக்ஸ் என்று வந்தால், எட்டில் ஒரு பங்கு போயிற்று. நம் பழைய கணக்கில் போட்டால் 100 ரூபாய் வரவு 87 ரூபாய் 50 காசாகிறது. மிச்சம் 30-லிருந்து 17 ரூபாய் 50 காசுக்கு இறங்குகிறது. இது ஒரு மாதத் தூசியின் வேலை. இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. கிடைமட்டமான கண்ணாடியில் விழும் அளவுக்குச் சரிந்து தொங்கும் இலையில் தூசி தங்காது. அதேசமயம் சமையலறை ஓரத்து இலையில் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் கண்ணாடியைவிட அதிகமாகவே ஒட்டும். துல்லியமான விடையை இது தராது. உங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை துடைக்க வேண்டுமா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதுமா என்று சொல்லிவிடும். வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் அவசரமில்லை. பஸ் போகும் ரோட்டைப் பார்த்த சன்னல், பக்கத்து மனையில் கட்டட வேலை, போகியன்று வரும் புகை இவையெல்லாம் அந்தக் கணக்கை ஒரே வாரத்தில் மாற்றிவிடும்.

இனி துடைக்கிற வேலை. முதல் விதி, ஈரத்துணிக்கு முன்னால் காய்ந்த துணி. தூசியில் மணல் துகள் இருக்கும். நேராக ஈரத்துணியைப் போட்டுத் தேய்த்தால் அது சேறாகி, அந்த மணல் இலையின் மெழுகுப் பூச்சைக் கீறும். கீறல் உடனே தெரியாது. துடைத்த இலையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள்; பளபளப்புக்கு நடுவே மங்கலான கோடுகள் தெரிந்தால் அவை கீறல்கள். அந்த மெழுகுதான் இலை நீரை இழக்காமல் காப்பது. எனவே முதலில் மென்மையான பெயின்ட் பிரஷ்ஷாலோ உலர்ந்த துணியாலோ அழுத்தாமல் தட்டிவிட வேண்டும். பக்கத்தில் சிமென்ட் வேலை நடந்திருந்தால் இந்த விதியை மீறவே கூடாது. சிமென்ட் தூசி நனைந்தால் இறுகிப் பொருக்காகிவிடும், காரத்தன்மை வேறு. சிமென்ட் ஆலைகளைச் சுற்றியுள்ள செடிகளில் இந்தப் பொருக்கு மழைக்கும் போகாமல் இலையோடு ஒட்டிக்கொள்வதைத் தாவர ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்தது ஈரத்துணி. நைந்த பருத்தி வேட்டித் துணியைவிட நல்லது கடையில் கிடைக்காது என்பது என் கருத்து. மைக்ரோஃபைபர் துணியும் பரவாயில்லை. நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துகொள்ளுங்கள். இடது உள்ளங்கையை இலைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, காம்புப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி ஒரே இழுப்பாக, நடுநரம்பு போகும் திசையிலேயே துடைக்க வேண்டும். தாங்காமல் துடைத்தால் காம்பு ஒடியும். ஒடிந்த இடத்தில் வெள்ளைப் பால் வடியும், அது சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும், கண்ணில் படவே கூடாது. ஒரு இலை முடிந்ததும் துணியை மடித்துச் சுத்தமான பக்கத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் இலையின் மண்ணை இரண்டாம் இலையில் தேய்த்துக்கொண்டிருப்போம்.

அடிப்புறத்தையும் ஒருமுறை துடைக்க வேண்டும். அங்கே தூசி குறைவுதான், ஆனால் மாவுப்பூச்சியும் செஞ்சிலந்தியும் குடியேறும் இடம் அது. நரம்போரத்தில் பஞ்சுபோல் வெள்ளையாகவோ, மெல்லிய வலையோடு பொடிப்பொடிப் புள்ளிகளாகவோ தெரிந்தால் அந்தத் துணியை வேறு செடிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு செடியில் இருக்கும் பூச்சியை வீட்டிலுள்ள எல்லாச் செடிக்கும் பரப்ப ஒரே ஒரு துணி போதும்.

தண்டின் உச்சியில் சிவந்த உறைக்குள் சுருண்டிருக்கும் புது இலையை விட்டுவிடுங்கள். விரிந்து சில நாளே ஆன, இன்னும் தொளதொளவென்று இருக்கும் இலையையும் தொட வேண்டாம். அதன் மெழுகு இன்னும் முழுதாகத் தேறியிருக்காது. விரல் அழுத்தம் கொடுத்த தழும்பு, இலை இருக்கும்வரை இருக்கும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பு, ஈரம் காய்ந்ததும் இலைமேல் வெள்ளை வட்டங்களாக நிற்கும். தூசியை எடுத்துவிட்டு வேறொரு தூசியைப் பூசினது போல் ஆகிவிடும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, காசும் இல்லை. துடைக்க அது மிக நல்லது. பிடித்து வைத்த மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ இருந்தாலும் சரி. ஏற்கெனவே வட்டங்கள் விழுந்திருந்தால், ஒரு கப் தண்ணீரில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு அந்த இடத்தை மட்டும் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் இன்னொருமுறை துடைத்துவிடலாம். சமையலறைப் பிசுக்குக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். அதையும் கடைசியில் நல்ல தண்ணீரால் எடுத்துவிட வேண்டும்.

ஸ்பிரே பாட்டிலால் பொழுது விடிந்தால் இரண்டு முறை பனிபோல் தெளித்துவிட்டு, இலையைக் கழுவியாயிற்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வழிந்தோடும் அளவுக்குத் தண்ணீர் இல்லாதபோது தூசி எங்கும் போகாது. ஈரத்தில் குழைந்து, சரிவான ஓரத்திலும் நுனியிலும் திரண்டு, காய்ந்து, கறையாக ஒட்டிக்கொள்ளும். கழுவத்தான் வேண்டுமென்றால், சின்னச் செடியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், தொட்டி மண்ணைப் பாலித்தீன் பையால் மூடிக் கட்டி, ஷவரை மெல்லத் திறந்து, நீர் நுனியில் தெளிவாகச் சொட்டும்வரை விடுங்கள். பிறகு காம்பு இடுக்குகளில் நிற்கும் நீரை உதறி, காற்றோட்டத்தில் வையுங்கள்.

பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவது, பால் பூசுவது, வாழைப்பழத் தோலால் தேய்ப்பது ஆகிய மூன்றுக்கும் நம் ஊரில் ரசிகர்கள் உண்டு. ஒரு நாள் ஜொலிக்கும் என்பது உண்மை. மறுநாளிலிருந்து அந்த எண்ணெயும் சர்க்கரையும் தூசியைப் பசை போட்டது போல் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் காய்ந்த துணியால் எதுவும் போகாது. எண்ணெய்த் துணி அடிப்புறத்தில் பட்டால்தான், இவ்வளவு நேரம் நாம் நம்பாமல் இருந்த அந்த இலைத்துளை அடைப்பு நிஜமாகவே நடக்கும். தூசி செய்யாததை நாம் செய்துவிடுகிறோம்.

துடைத்த மறுவாரமே செடி கிடுகிடுவென்று வளரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மிச்சம் சேர்ந்த பிறகே புது இலை வரும். தெரிந்துகொள்ளச் சரியான வழி, ஒரு இலை விரிந்த தேதியையும் அடுத்த இலை விரிந்த தேதியையும் காலண்டரில் குறிப்பது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில சுற்றுகளில் குறைந்துகொண்டே வந்தால் துடைத்தது வேலை செய்கிறது. குறையவே இல்லை, அதோடு புதிதாக வரும் இலைகளுக்கு நடுவே தண்டு நீண்டு மெலிந்துகொண்டும் போகிறது என்றால், குற்றம் தூசியில் இல்லை, வைத்த இடத்தில். சுத்தமான இலைக்கும் அந்த மூலையில் போதுமான வெளிச்சம் கிடைக்கவில்லை. சன்னல் பக்கம் ஒரு மீட்டர் நகர்த்துவது, வருடம் முழுக்கத் துடைப்பதைவிட அதிகம் கொடுக்கும்.

இவ்வளவும் ரப்பர் செடி, மணி பிளாண்ட், மான்ஸ்டெரா போன்ற வழுவழுப்பான இலைகளுக்கு. ஆப்பிரிக்க வயலட் போல் இலையில் ரோமம் உள்ளவற்றை ஈரத்துணியால் தொட்டால் தூசி ரோமங்களுக்குள் சேறாகிச் சிக்கிக்கொள்ளும். அவற்றுக்கு உலர்ந்த மென்பிரஷ் மட்டும்தான். தாமரை, சேம்பு இரண்டையும் துடைக்கவே தேவையில்லை. அவற்றின் இலைமேல் நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் மெழுகுப் பொடியும் இருக்கின்றன. தூசி மேடுகளின் உச்சியில் மட்டும் பட்டும் படாமல் உட்கார்ந்திருக்கும். நீர்த்துளி உருண்டையாகவே நின்று, உருளும்போது அந்தத் தூசியை ஒட்டியெடுத்துக்கொண்டு போகும். 1997-ல் ஜெர்மனியின் பார்த்லாட், நைன்ஹுயிஸ் இருவரும் இதை விரிவாக விளக்கி எழுதியபோது தாமரையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இப்படிப்பட்ட இலையை விரலால் அழுத்தித் தேய்த்தால் அந்தப் பொடி கையோடு வந்துவிடும். தேய்த்த இடத்தில் அடுத்த முறை தண்ணீர் உருளாமல் படர்ந்து நிற்பதை வைத்தே அதைக் கண்டுபிடிக்கலாம். தொட்டியில் சேம்பு வளர்ப்பவர்கள் உயரத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை இலைமேல் ஊற்றினால் போதும்.